சன்னலா, எச்சமா: குருத்துப் படத்தில் படைப்புழுவை எதை வைத்துப் பிடிப்பது?

மக்காச்சோளக் குருத்தைப் போனில் படமெடுத்து, பிறகு பெரிதாக்கிப் பார்த்துப் படைப்புழு இருக்கிறதா என்று சொல்வதற்கு இரண்டு தடயங்கள்தான் உருப்படியாக உதவும். இளம்புழு இலையின் ஒரு பக்கத்துப் பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு, மறுபக்கத் தோலை அப்படியே விட்டுவிடும். அந்த இடம் வெளிச்சம் ஊடுருவும் சின்னச் சின்ன சன்னலாகத் தெரியும். இன்னொன்று எச்சம். வளர்ந்த புழு குருத்துக்குள் உட்கார்ந்து தின்று கழித்தது, ஈர மரத்தூள் போலக் குவிந்து கிடக்கும்.

நான் சன்னல் கட்சி. தெளிப்பதா வேண்டாமா என்பதைச் சன்னலை எண்ணித்தான் முடிவு செய்கிறேன், எச்சத்தைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் எச்சத்துக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிடுவோம். எச்சத்தைப் படமெடுக்கத் தனித் திறமை வேண்டாம். நின்றபடியே எடுத்தாலும், வாட்ஸ்அப்பில் அனுப்பிப் படம் சுருங்கிப் போனாலும் குவியல் தெரியும். ஈரமாக, பச்சை கலந்த பழுப்பாக இருந்தால் புழு உள்ளேயே இருக்கிறது என்று நம்பலாம். காய்ந்து வைக்கோல் நிறமாக இருந்தால் பழையது, புழு போயிருக்கலாம். சன்னல் இவ்வளவு சுலபமாக வசப்படாது.

ஆனால் எச்சம் கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும், என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் பெரிது. படைப்புழு ஆறு நிலைகளில் வளர்கிறது. வாழ்நாளில் தின்னும் மொத்த இலையில் முதல் மூன்று நிலைகளில் தின்பது 2 சதவீதம்கூட இல்லை, ஆறாவது நிலையில் மட்டும் முக்கால் பங்குக்கு மேல் தின்கிறது. தின்பதுதானே எச்சமாகும், அதனால் படத்தில் தெரிகிற அளவு எச்சம் சேர்ந்திருந்தால் புழு அநேகமாக நான்காம் நிலையைத் தாண்டியிருக்கும். போதாததற்கு அந்த எச்சமே குருத்து வாயை அடைத்துக்கொள்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அதில் தங்கிவிடும், கீழே இருக்கும் புழுவுக்கு முழுதாகப் போய்ச் சேராது. சன்னல் போடும் புழுவோ ஒன்றாம் இரண்டாம் நிலையில், இலைப்பரப்பிலேயே மருந்து படும் இடத்தில் இருக்கிறது. நல்ல வெப்பத்தில் முட்டை பொரித்ததிலிருந்து புழுப்பருவம் முழுவதும் ஏறத்தாழ இரண்டு வாரம்தான், அதில் பாதியை எச்சத்துக்காகக் காத்திருந்து விட்டுவிட முடியாது.

சரி, சன்னலைப் படத்தில் பிடிப்பது எப்படி? ஒரு சன்னல் சில மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். 4000 பிக்சல் அகலமான படத்தில் 40 செ.மீ. பரப்பை அடக்கினால் ஒரு மில்லிமீட்டருக்கு 10 பிக்சல் கிடைக்கும், அது போதும். அதே போனில் இரண்டு மீட்டர் வரிசையை ஒரே படத்தில் அடக்கினால் மில்லிமீட்டருக்கு 2 பிக்சல்தான், சன்னல் வெறும் வெளிறிய புள்ளியாகிவிடும். ஆகவே செடிக்கு ஒரு படம், குருத்துக்கு நேர் மேலிருந்து, கிட்டத்தில். ஃபோகஸ் தானாக வெளி இலை விளிம்பில் போய் உட்காரும், திரையில் குருத்தின் நடுவைத் தொட்டு மாற்ற வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம், அது சன்னலையும் தூசியையும் ஒரே வெள்ளையாக்கிவிடும். சந்தேகம் வந்தால் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்து இன்னொரு படம் எடுங்கள், உண்மையான சன்னலில் வெளிச்சம் ஊடுருவும். பனித்துளி காய்ந்த பிறகு எடுப்பதும் முக்கியம், இல்லாவிட்டால் துளியின் மினுக்கமும் சன்னல் கணக்கில் சேர்ந்துவிடும். அனுப்புவதென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

சன்னலின் பெரிய குறை, அது அழியாது. இலை குருத்திலிருந்து வெளியே வந்து விரிந்த பிறகும் தழும்பு அப்படியே இருக்கும், புழு செத்திருந்தாலும்கூட. அதனால் சன்னலின் வயதை அது இருக்கும் இலையை வைத்துப் படிக்க வேண்டும். குருத்திலிருந்து இப்போது வந்துகொண்டிருக்கும் இரண்டு மூன்று இலைகளில் இருந்தால் புதியது. கீழ் இலைகளில் மட்டும் இருந்து உள்ளே சுத்தமாக இருந்தால் தாக்குதல் நின்றுவிட்டது என்று அந்தச் செடியைக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம்.

ஐந்தாறு இலை விட்ட ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். W வடிவத்தில் நடந்து ஐந்து இடங்களில் நின்று, இடத்துக்குப் பத்துச் செடி வீதம் 50 படம். ஏதோ ஒரு இலையிலாவது சன்னல் உள்ளவை 17. அவற்றில் 5 செடிகளில் கீழ் இலைகளில் மட்டும்தான், குருத்து சுத்தம். மிச்சம் 12, அதாவது 24 சதவீதம். ஈர எச்சம் தெரிபவை 3, அவை அந்த 12-க்குள்ளேயே அடங்கும். எச்சத்தை வைத்துப் பார்த்தால் 6 சதவீதம், ஒன்றும் செய்ய வேண்டாம் என்று விட்டுவிடுவோம். குருத்துப் பருவத்தின் தொடக்கத்தில் 20 சதவீதம் என்பது பல வழிகாட்டிகள் சொல்லும் செயல் எல்லை, 24 அதைத் தாண்டிவிட்டது. சன்னல் உள்ள செடிகள் பக்கத்துப் பக்கத்தில் கூட்டமாக இருந்தால் எனக்கு இன்னும் நம்பிக்கை வரும். பொரித்த புழுக்கள் நூல் விட்டுக் காற்றில் தொங்கி அடுத்த செடிகளுக்குப் போகும், அதனால் ஒரே முட்டைக்குவியலிலிருந்து பரவும்போது அப்படித்தான் தெரியும்.

எதிர்க்கட்சி வாதத்திலும் நியாயம் இருக்கிறது. சன்னல் போட்ட குட்டிகளில் நிறைய தானாகவே செத்துப்போகும், ஒன்றையொன்று தின்றும் குறையும், கடைசியில் ஒரு குருத்தில் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். எனவே சன்னல் கணக்கு கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். 18, 22 என்று எல்லையை ஒட்டி வந்தால் நான் உடனே தெளிக்க மாட்டேன். அதே செடிகளை மூன்று நாள் கழித்து மறுபடி எடுத்து, புதிதாக வந்த இலையிலும் சுரண்டல் இருக்கிறதா என்று பார்ப்பேன். தண்டுத்துளைப்பானின் குட்டிகளும் குருத்து இலையைச் சுரண்டும், இந்தக் குழப்பத்தைச் சன்னலை மட்டும் வைத்துத் தீர்ப்பது கஷ்டம். அங்கே ஒரு செடியைப் பிரித்துப் புழுவையே பாருங்கள். படைப்புழுவாக இருந்தால், ஓரளவு வளர்ந்ததில், வால் பக்கம் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக இருக்கும், தலையில் தலைகீழ் Y தெரியும்.

பிந்திய பருவத்தில் என் அனுபவம் குறைவு. ஆண் பூங்கொத்து வந்த பிறகு உதிரும் மகரந்தம் இலைக்கணுவில் தேங்கிப் படத்தில் எச்சம் மாதிரியே இருக்கும், சன்னல் தேட இளம் குருத்தும் அப்போது இருக்காது. அந்தப் பருவத்தில் படத்தை நம்பாமல் நேரில் போய்க் கதிரின் நுனியைப் பிரித்துப் பார்ப்பதையே செய்கிறேன்.