முதல் விக்கெட் பந்தயம்: நான்கு கோடைகள், 78 பந்தயங்கள், 11 பவுண்டு நஷ்டம்

நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே உரிமம் பெற்ற நிறுவனங்களில் கிரிக்கெட் பந்தயம் கட்டுவது சட்டப்படி சரி. (இந்தியாவில் 2025இல் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை போட்டுவிட்டது. அதனால் ஊரிலிருந்து யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.) 2021 முதல் 2024 வரை இங்கிலாந்தில் நடந்த டெஸ்ட்களில் ஒரே ஒரு வகைப் பந்தயம்தான் கட்டினேன். ஓர் அணியின் தொடக்க ஜோடி எத்தனை ரன் சேர்க்கும் என்பதுதான் அது.

நிறுவனம் ஒரு கோடு போடும். 28.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் விக்கெட் 29இலோ அதற்கு மேலோ விழுந்தால் ‘மேலே’ கட்டியவருக்கு வெற்றி, 28க்குள் விழுந்தால் ‘கீழே’ கட்டியவருக்கு. உதிரி ரன்களும் கணக்கில் சேரும். எனக்கு வழக்கமாகக் கிடைத்தது இரு பக்கமும் 1.83 விலை. 10 பவுண்டு கட்டி ஜெயித்தால் 18.30 கையில் வரும். அந்த விலையில் முதலை மட்டும் காப்பாற்றவே நூற்றுக்கு 54.6 முறை ஜெயிக்க வேண்டும். எனக்கு அது முதல் கோடை முடிந்த பிறகுதான் உறைத்தது.

அந்தக் கோடையில் இந்தியா வந்திருந்தது. ட்ரெண்ட் பிரிட்ஜில் ரோஹித்தும் ராகுலும் 97, அப்புறம் 34. லார்ட்ஸில் டாஸ் தோற்று முதலில் ஆட நேர்ந்தும் 126, அடுத்த இன்னிங்ஸில் 18. நான்கையும் கூட்டி வகுத்தால் சராசரி 69க்குப் பக்கம். ஹெடிங்லியில் ஆகஸ்ட் 25 காலை இந்தியா டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்தது. கோடு 30.5. சராசரியில் பாதிகூட இல்லையே, சும்மா கொடுக்கிறார்கள் என்று நினைத்து ‘மேலே’ கட்டினேன். ஆண்டர்சனின் முதல் ஓவர், ஐந்தாவது பந்து. ராகுல் பட்லரிடம் கேட்ச். ஸ்கோர் 1.

இந்தியா 78 ரன்னில் சுருண்டது. முதல் ஐந்து விக்கெட்டும் பட்லர் பிடித்த கேட்ச்கள். பந்து இப்படி ஆடுகிறது, பும்ராவும் ஷமியும் இருக்கிறார்கள், இங்கிலாந்து மட்டும் தப்புமா என்று அடுத்து ‘கீழே’ கட்டினேன், கோடு 24.5. பர்ன்ஸும் ஹமீதும் அன்று மாலை வரை நின்று 120, மறுநாள் காலை 135இல்தான் முதல் விக்கெட். ஒரே நாள், ஒரே மைதானம், இரண்டு பந்தயமும் போச்சு.

அந்த இரண்டு தோல்விக்கும் காரணம் வேறு வேறு. முதலாவது சராசரி செய்த வேலை. அந்தத் தொடரின் நான்கு டெஸ்ட்களில் இந்தியத் தொடக்க ஜோடியின் எட்டு ஸ்கோர்களை வரிசையாக அடுக்கினால் 1, 18, 28, 34, 34, 83, 97, 126. சராசரி 52.6. நடுவில் நிற்கும் எண் 34. ஜோடி பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது, மேலே மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். அதனால் இரண்டு மூன்று பெரிய ஜோடிகள் சராசரியைத் தூக்கிவிடுகின்றன. கோடு நிற்பது அந்த நடு எண்ணுக்குப் பக்கத்தில். பாதி முறை அதற்கு மேலே, பாதி முறை கீழே என்பதுதான் அதன் பொருள். தோராயமாகச் சொன்னால், சராசரி 40 இருக்கும் ஜோடிக்கு நடு எண் 28 அளவில் வரும். சராசரியைப் பார்த்துக் கோட்டைப் பார்க்கிறவனுக்கு எப்போதும் ‘மேலே’தான் மலிவாகத் தெரியும்.

இதிலேயே இன்னொரு தப்பும் செய்துகொண்டிருந்தேன். இருவரும் 40 சராசரி என்றால் சேர்ந்து 80 என்று ஒரு மனக்கணக்கு. ஆனால் இருவரில் ஒருவர் அவுட் ஆனாலே கதை முடிந்தது. அதனால் ஜோடியின் எதிர்பார்ப்பும் 40ஐ ஒட்டித்தான் இருக்கும், உதிரிகளால் கொஞ்சம் கூடும். புதுப்பந்தில் அதுவும் குறையும், ஏனென்றால் வீரரின் 40இல் பழைய பந்தில் அடித்த சதங்களும் கலந்திருக்கின்றன.

வாழ்நாள் சராசரி எந்த அளவுக்கு ஏமாற்றும் என்பதற்கு 2019 ஆஷஸைப் பார்த்தால் போதும். வார்னர் 48 சராசரியோடு வந்தார். பத்து இன்னிங்ஸில் 95 ரன், ஏழு முறை பிராட் பந்தில் அவுட். இடக்கை வீரரான அவருக்கு பிராட் ரவுண்ட் த விக்கெட்டிலிருந்து டியூக்ஸ் பந்தை உள்ளே கொண்டுவந்து நேராக்கினார். ஆஸ்திரேலியாவின் முதல் விக்கெட் ஒரு முறைகூட 20ஐத் தாண்டவில்லை. அதைப் படித்த பிறகு நான் பார்ப்பதெல்லாம் இங்கிலாந்தில் ஆடிய இன்னிங்ஸ்களும், எதிரே புதுப்பந்து எடுக்கும் இருவரும்தான்.

இரண்டாவது தோல்வி புதுப்பந்து நிலைமையைத் தப்பாகப் படித்ததால் வந்தது. காலையில் பார்த்ததை மாலைக்கும் நீட்டிவிட்டேன். கையால் தைத்த டியூக்ஸ் பந்தின் தையல் எடுப்பாக நிற்கும், பளபளப்பும் நீடிக்கும். ஆனால் ஆடுகளத்தின் ஈரம் காய்ந்து வானமும் திறந்தால் அதே புதுப்பந்து நேராக வரும். அப்புறம் இன்னிங்ஸ் எந்த நேரத்தில் தொடங்குகிறது என்று தனியாக எழுதி வைக்க ஆரம்பித்தேன். இந்த வேலையில் ‘கீழே’ கட்ட எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றுதான். ஒன்றரை நாள் ஃபீல்டிங் செய்த தொடக்க வீரர்கள் மாலையில் கடைசி எட்டுப் பத்து ஓவருக்கு இறங்கும் இன்னிங்ஸ்கள். ரன் எடுக்கும் எண்ணம் அவர்களுக்கு இருக்காது, பந்துவீச்சாளர் முழு மூச்சாகப் போடுவார், விழாவிட்டாலும் மறுநாள் காலை இன்னும் புதிதாகவே இருக்கும் பந்தோடு மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

டாஸுக்குப் பிறகு மேகத்தைப் பார்த்துக் கட்டலாம் என்பது மட்டும் எனக்குக் கைகூடவில்லை. பத்தரைக்கு டாஸ், பதினொன்றுக்கு ஆட்டம். அந்த அரை மணியில் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்து முடிப்பதற்குள் கோடு 30.5இலிருந்து 26.5க்கு வந்திருக்கும். ஆட்டம் நடக்கும்போது கட்டுவது இன்னும் மோசம். டிவி சில வினாடி பின்தங்கியே வருகிறது. நான் பொத்தானை அமுக்கும்போது அந்தப் பந்து ஏற்கெனவே முடிந்திருக்கும்.

விதிமுறையும் ஒரு தடவை கடித்தது. 28.5க்குக் கீழே கட்டியிருந்தேன். 22இல் ஒருவர் கையில் அடிபட்டு ரிட்டயர்டு ஹர்ட். தொடக்க ஜோடி பிரிந்துவிட்டதே, ஜெயித்தாச்சு என்று டீ போட எழுந்தேன். ஆனால் அது விக்கெட் ஆகாது. அடுத்து வந்தவரோடு ஸ்கோர் ஏறி முதல் விக்கெட் 61இல் விழுந்தது, பந்தயம் தோல்வி. புகார் எழுதியதற்கு விதிமுறைப் பக்கத்தின் இணைப்பை மட்டும் அனுப்பினார்கள். அங்கே தெளிவாகத்தான் எழுதியிருந்தது. மழையால் இன்னிங்ஸ் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் அன்றுதான் படித்தேன். கோட்டைத் தாண்டியிருந்தால் முடிவு செல்லும், இல்லையென்றால் பணம் திரும்ப வரும்.

கடைசிக் கணக்கு இது. 78 பந்தயம், ஒவ்வொன்றும் 10 பவுண்டு. 42 வெற்றி, அதாவது 53.8 சதவீதம். 780 கட்டி 768.60 திரும்பியது. பிரித்துப் பார்த்தால், ‘மேலே’ 27இல் 12 வெற்றி, 50.40 நஷ்டம். ‘கீழே’ 51இல் 30 வெற்றி, 39 லாபம். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் 51இல் 28 ஜெயித்தாலே முதல் வந்துவிடும். என்னிடம் கூடுதலாக இருப்பது இரண்டே இரண்டு வெற்றி. ஸ்லிப்பில் இரண்டு கேட்ச் நழுவியிருந்தால் அந்த லாபமே இல்லை.

மாதத்துக்கு 40 பவுண்டுக்கு மேல் கணக்கில் போட முடியாதபடி முதல் வாரமே வரம்பு வைத்திருந்தேன். ஹெடிங்லி அன்று மாலை அதை உயர்த்தப் போனேன், உடனே உயராது, காத்திருக்க வேண்டும் என்று வந்தது. காத்திருந்ததில் கோபம் ஆறிவிட்டது. இப்போது பணம் கட்டுவதில்லை. நோட்டில் கோட்டையும் நேரத்தையும் வானத்தையும் எழுதுவது மட்டும் நிற்கவில்லை. மனைவி அதை ‘பஞ்சாங்கம்’ என்கிறாள்.