இலக்குக்கு ஒரு வரியா, பரிசீலனை நாளுக்கு ஒரு வரியா?

நாலு பக்கச் செயல்திறன் மேம்பாட்டுத் திட்டத்தை மேலாளரின் கண்காணிப்பு ஷீட்டில் சுருக்க இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, இலக்குக்கு ஒரு வரி: இலக்கு, கெடு, ஆதரவு, நிலை. மற்றது, ஒவ்வொரு இலக்கையும் பரிசீலனை நாள்வாரியாகப் பிரித்து எழுதுவது. மூன்று இலக்கு, நான்கு பரிசீலனை என்றால் 12 வரி.

முதலாவது ஒரே திரையில் அடங்கும், எச்.ஆருக்கு அனுப்பச் சுலபம். ஆனால் 'நிலை' கட்டத்தில் ஒவ்வொரு முறையும் பழையதை அழித்துத்தான் புதியதை எழுதுகிறோம். நான் இரண்டாவதன் பக்கம். காரணம், மேலாளர் தரப்பு கொடுத்த வாக்கு அதில்தான் தப்பிப் பிழைக்கிறது.

வாடிக்கையாளர் சேவைப் பணியாளர் ஒருவருக்கு 60 நாள் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். மீண்டும் திறக்கப்படும் டிக்கெட்டுகள் 18 சதவீதத்திலிருந்து 8-க்கு இறங்க வேண்டும். முதல் வாரத்திலிருந்தே மூத்தவர் ஒருவர் வாரம் 2 மணி நேரம் கூட உட்கார்ந்து பயிற்சி தருவார். பரிசீலனை 14, 28, 42, 60ஆம் நாட்களில். மூத்தவருக்கு 20ஆம் நாள்தான் நேரம் கிடைத்தது. இலக்குவாரி ஷீட்டில் அன்று 'ஆதரவு: கொடுக்கப்பட்டது' என்று ஏறிவிடும், தாமதம் மறைந்துவிடும். நாள்வாரி ஷீட்டில் 14ஆம் நாள் வரியிலேயே ஆதரவு வரவில்லை என்று பதிவாகியிருக்கும். அன்றைய மோசமான எண்ணைப் பயிற்சி பலிக்கவில்லை என்பதற்குச் சான்றாகக் காட்ட முடியாது.

அதற்கு 'ஆதரவு' என்ற ஒற்றைக் கட்டம் போதாது. என்ன ஆதரவு, யார் பொறுப்பு, வாக்களித்த தேதி (F), நடந்த தேதி (G) என்று நான்காக உடையுங்கள். பக்கத்தில் இது:

```
=IF(F2="","",IF(AND(G2="",TODAY()>F2),"நிலுவை",IF(G2>F2,"தாமதம்","")))
```

'தேவைப்படும் உதவி வழங்கப்படும்' என்று மட்டும் திட்டத்தில் இருந்தால் F-இல் எழுத எதுவுமே இருக்காது. ஷீட்டில் தேதியை நாமே கற்பித்துக்கொள்ளாமல், திட்டத்தை எழுதியவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய இடம் அது.

அளவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 20 டிக்கெட் மாதிரி எடுத்தால் ஒன்று 5 சதவீதம், இரண்டு 10. எட்டு என்ற எண் வரவே வராது. 25 எடுத்தால் 'அதிகபட்சம் 2' என்று சரியாக அமரும். மூடிய 7 நாளுக்குள் திறந்தால் கணக்கு என்பது விதியானால், 60ஆம் நாள் பரிசீலனைக்கு 53ஆம் நாள் வரை மூடியவைதான் செல்லும். எந்தத் தேதி வரையிலான தரவு என்பதை வரியிலேயே குறித்துவிடுங்கள்.

நாள்வாரி ஷீட்டின் குறை பராமரிப்பு. பரிசீலனை முடிந்த அன்றே நிரப்பாவிட்டால் பின்னால் நினைவிலிருந்து நிரப்பியதாகிவிடும், தகராறு வந்தால் அதற்கு மதிப்பில்லை. ஒரே இலக்கு, 30 நாள், ஒற்றைப் பரிசீலனை என்றால் இலக்குவாரியே போதும். வடிவமைப்பு, ஆய்வு போன்ற எண்ணில் அடங்காத வேலைகளுக்கு இந்த முறை எவ்வளவு தாங்கும் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எண் பகுதி அங்கே நொண்டினாலும் F, G இரண்டும் பயன்படும்.