பேபி மானிட்டர் கேமரா: ஒன்றரை வருடம் பயன்படுத்திய பிறகு

செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இந்த வைஃபை கேமரா ஒன்றரை வருடமாக ஓடுகிறது. படத் தெளிவிலும் இருட்டில் காட்டுவதிலும் குறையில்லை. தொல்லை இணைப்பில்தான். சாயந்திரமானால் படம் பின்தங்கும். பிள்ளை அழுகிற சத்தம் கதவு வழியே வந்துவிடும், போனில் இன்னும் தூங்கிக்கொண்டிருப்பான். விடியற்காலையில் இணைப்பே அறுந்து, ஒரு நிமிடம் கழித்துத் திரும்பும்.

முதலில் சாயந்திர நேரத்தில் கேமராவை ரூட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே நன்றாகவே ஓடினால் கோளாறு தூரத்தில், அங்கேயும் திணறினால் நெரிசலில். எங்களுக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம்.

வைஃபை அளக்கும் செயலியோடு தொட்டிலருகே நின்றேன். ரூட்டரின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் மைனஸ் 80 dBm காட்டியது; இந்த எண் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் பலம். நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அதே இடத்தில் மைனஸ் 65. மைனஸ் 70-க்குக் கீழே போனால் வீடியோவை நம்ப முடியாது. இந்தக் கேமராவுக்கு நொடிக்கு இரண்டு மெகாபிட் போதும், அதனால் 5-இன் வேகம் இங்கே வீண். 2.4-ஐயே வைத்துக்கொண்டேன்.

ஆனால் 2.4-இல் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் பாதிக்கு மேல் 6-ஆம் சேனலில் குவிந்திருந்தன. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். 1 காலியாக இருந்ததால் அதில் நிறுத்தி, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக்கினேன். விடியற்காலை அறுந்ததற்கும் இதில்தான் விடை: சேனல் தேர்வு Auto-வில் இருந்தபோது ரூட்டர் ஆளில்லாத நேரம் பார்த்துச் சேனல் மாற்றியிருக்கிறது. ரூட்டரின் பதிவேட்டில் நேரம் அப்படியே பொருந்தியது. போன் உடனே ஒட்டிக்கொள்ளும், கேமரா தடுமாறும். இரண்டு அலைவரிசைக்கும் பெயரைப் பிரித்து, டிவி, போன்களை 5-க்கு அனுப்பினேன். ஒரே பெயராக இருந்தால் கேமரா சில சமயம் பலவீனமான 5-க்குத் தாவிவிடும்.

அப்புறம் இடம். ஃபைபர் வயர் வருகிற வாசலோரம், இரும்புச் செருப்பு அலமாரிக்குள் ரூட்டரை வைத்திருந்தார்கள் பொருத்த வந்தவர்கள். நீள லேன் வயர் போட்டு ஹால் நடுச்சுவரில் தலை உயரத்துக்கு ஏற்றியதும் மைனஸ் 65 என்பது மைனஸ் 56 ஆனது. அறையில் கண்ணாடி பதித்த அலமாரிக்குப் பின்பக்கமிருந்த கேமராவை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். தொட்டில் கம்பியில் மாட்டினால் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் வயர் குழந்தை கைக்கு எட்டக் கூடாது. குறைந்தது மூன்று அடி தள்ளித்தான் இருக்க வேண்டும்.

இப்போது படம் ஒரு நொடி பின்தங்குகிறது, அவ்வளவுதான். மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் உறைகிறது, அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸையே பயன்படுத்துகிறது. மாமியார் பால் சுடவைக்கப் போனால் ஒருவர் அறையை எட்டிப் பார்க்கிறோம். மூன்று சுவர் தாண்ட வேண்டிய வீடென்றால் இந்தக் கேமராவை வாங்கச் சொல்ல மாட்டேன், லேன் வயர் குத்தும் வசதியுள்ள மாடல் பாருங்கள்.