ஒரே வீடியோ, மூன்று ஹூக்: ஒரு தையல்காரியின் 14 மாதக் கணக்கு

எங்கள் தொழிலில் ஹூக் என்றால் பிளவுஸ் முன்பட்டியில் கைத்தையல் போட்டு வைக்கிற கொக்கிதான். வீடியோவின் முதல் மூன்று விநாடிக்கும் அதே பேர் என்று தங்கச்சி மகள் சொன்னபோது சிரித்துவிட்டேன். அவள்தான் எனக்கு எடிட்டிங் செய்து தருகிறாள். "பெரியம்மா, நீங்க வணக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள பாதிப் பேரு தள்ளிவிட்டுப் போயிடறாங்க" என்று கிராபைக் காட்டினாள். சரி, வேறு எப்படித்தான் ஆரம்பிப்பது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரே வீடியோவை மூன்று விதமாக ஆரம்பித்துப் போட்டுப் பார்த்து, நோட்டில் எழுதத் தொடங்கினோம். 14 மாதத்தில் 26 வீடியோ, 70 வரிக்கு மேல் ஆகிவிட்டது.

இதற்கு நாங்கள் பயன்படுத்துவது இன்ஸ்டாகிராமின் ட்ரையல் ரீல். அதில் போட்டால் நம்மைப் பின்தொடராதவர்களுக்குத்தான் முதலில் காட்டுவார்கள். பின்தொடர்கிறவர்கள் ஒரே வீடியோவை மூன்று தடவை பார்த்துச் சலித்துக்கொள்ள மாட்டார்கள். எது தேறுகிறதோ அதை மட்டும் பிறகு எல்லோருக்கும் திறந்துவிடலாம்.

முதல் மூன்று மாதம் எழுதியதெல்லாம் வீண் என்றே சொல்வேன். ஹூக்கை மாற்றும்போது தலைப்பையும் மாற்றினோம், பாட்டையும் மாற்றினோம், ஒன்றை இரவிலும் இன்னொன்றை மதியத்திலும் போட்டோம். ஒன்று தீபாவளிக்கு முந்தைய வாரம் போய் விழுந்தது. அந்த வாரம் பிளவுஸ் பற்றி எதைப் போட்டாலும் ஓடும். எது ஜெயித்தது, ஏன் ஜெயித்தது என்று நோட்டைப் பார்த்துச் சொல்லவே முடியவில்லை.

அப்புறம் முறையை மாற்றினோம். வீடியோவின் உடல் பகுதி ஒன்றுதான். அதன் முன்னால் ஒட்ட, சரியாக மூன்று விநாடியில் மூன்று ஆரம்பங்களை ஷூட்டிங் அன்றே எடுத்துவிடுவோம். பிறகு எடுத்தால் வெளிச்சம் மாறும், துணியின் நிறமே வேறாகத் தெரியும். மூன்றும் ஒரே நீளமாக இல்லாவிட்டால் சராசரி பார்த்த நேரத்தை ஒப்பிட முடியாது. மூன்றையும் ஒரே மாலையில் பத்து நிமிட இடைவெளியில், ஒரே தலைப்போடு போடுவோம். எது முதலில் போவது என்பதை ஒவ்வொரு தடவையும் மாற்றுவோம். 48 மணி நேரம் கழித்துத்தான் எண்களை எழுதுவோம். நடுவில் எட்டிப் பார்க்கிற ஆசை எனக்கு அதிகம், அதனால் நோட்டு அவள் கையில்.

இதில் எனக்குப் பெரிய பாடம் ஒரு விளையாட்டில் கிடைத்தது. ஒரே ஹூக்கை, ஒரு எழுத்துகூட மாற்றாமல், இரண்டு தடவை போட்டோம். இரண்டுக்கும் 400 சொச்சம் பார்வை. முதல் மூன்று விநாடிக்குள் தள்ளிவிட்டவர்களின் விழுக்காட்டை ஸ்கிப் ரேட் என்று காட்டுவார்கள். ஒன்றில் அது 52, இன்னொன்றில் 46. நோட்டைப் புரட்டினால், அதற்கு முன் ஆறு புள்ளி வித்தியாசத்தில் எத்தனையோ ஹூக்குக்கு மாலை போட்டிருக்கிறோம்! பி.எஸ்சி. புள்ளியியல் படிக்கும் அவள் தோழி கணக்குப் போட்டுச் சொன்னாள்: 400 பேர் அளவில் ஏழு புள்ளி வரையிலான இடைவெளி வெறும் தற்செயலாகவே வரலாம், 100 பேர்தான் என்றால் 14 புள்ளிகூட வரலாம். ஆட்கள் நாலு மடங்கானால்தான் இந்த ஆட்டம் பாதியாகக் குறையும். அதிலிருந்து சின்ன இடைவெளி வந்தால் நோட்டில் "சமம்" என்று எழுதிவிடுகிறோம்.

ஒரு வீடியோவை முழுதாகச் சொல்கிறேன். பிளவுஸின் முன்கழுத்து ஏன் தளர்ந்து நிற்கிறது என்பது விஷயம். கழுத்து வளைவில் துணி கிராஸாக வரும், கை பட்டாலே இழுபடும். அது இழுபட்டது தெரியாமல் பைப்பிங் பட்டியையும் தளர விட்டுத் தைத்தால் கழுத்து நெஞ்சில் ஒட்டாது. பட்டியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். இவ்வளவுதான் உடல் பகுதி, 33 விநாடி.

முதல் ஹூக்கில் என் முகம், வணக்கம், "இன்னிக்கு நாம பார்க்கப்போறது". இரண்டாவதில் முகமே இல்லை. பொம்மையில் மாட்டிய பிளவுஸின் கழுத்துக்குள் என் இரண்டு விரல் தாராளமாகப் போய் வருகிறது, "இந்த இடைவெளிக்கு வெட்டு காரணம் இல்ல" என்று குரல் மட்டும். மூன்றாவது அவள் யோசனை: தைத்து முடித்த பிளவுஸில் கத்தரியை வைத்து ஒரே வெட்டு.

மூன்றுக்கும் 1,500 பார்வையை ஒட்டி வந்தது. ஸ்கிப் ரேட் முகத்துக்கு 58, விரலுக்கு 44, கத்தரிக்கு 37. அவளுக்கு ஒரே குஷி. நானும் கத்தரிதான் என்று முடிவு கட்டியிருப்பேன், அடுத்த கட்டத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். 36 விநாடியில் கத்தரி வீடியோவைச் சராசரியாக 10 விநாடிதான் பார்த்திருந்தார்கள், விரல் வீடியோவை 19 விநாடி. சேமித்து வைத்தவர்கள் கத்தரியில் 6 பேர், விரலில் 31 பேர், முகத்தில் 9 பேர். கத்தரியின் கிராப் ஆறாவது விநாடியில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. காரணம் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. நல்ல பிளவுஸ் பாழாகப்போகிறது என்று நின்றவர்களுக்கு நான் பைப்பிங் பட்டியைக் காட்டியிருக்கிறேன். வெட்டியது என்ன ஆச்சு என்பதற்கு உடல் பகுதியில் பதிலே இல்லை. அது ஏற்கனவே வீணான ஒரு பழைய துணி, தனியாக எடுத்து ஒட்டியது.

அன்றிலிருந்து ஸ்கிப் ரேட்டை வைத்து யாரையும் ஜெயித்ததாக எழுதுவதில்லை. அது கதவைத் தாண்டி உள்ளே வந்தவர்களை மட்டும் சொல்லும். தையல் வீடியோவை எடுத்து வைத்து, துணியும் கையுமாக உட்காரும்போது திரும்பப் பார்க்கிறவர்கள்தான் எனக்கு வேண்டும். ஆகவே ஆயிரம் பார்வைக்கு எத்தனை பேர் சேமித்தார்கள் என்பதுதான் எங்கள் கடைசிக் கட்டம். சமையலோ நகைச்சுவையோ போடுகிறவர்களுக்கு இந்தக் கட்டம் வேறாக இருக்கலாம்.

குறையைச் சரிசெய்யும் வீடியோ 17 போட்டோம். அதில் 12-இல், குறையை விரலால் தொட்டுக் காட்டி ஆரம்பித்ததுதான் அதிகம் சேமிக்கப்பட்டது. இதையே ஆரி வேலைப்பாட்டு வீடியோ ஆறில் செய்து பார்த்தோம், ஒன்றிலும் எடுபடவில்லை. அங்கே முடித்த வேலையை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினால்தான் நிற்கிறார்கள். நியாயம்தான், ஆரியில் சிக்கிய நூலைப் பார்க்க யாருக்கு ஆசை?

ஒரு குறை இந்த முறையிலேயே இருக்கிறது. ட்ரையலில் வருகிறவர்கள் என்னைத் தெரியாதவர்கள். என்னிடம் ஏற்கனவே கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதே தீர்ப்பு பொருந்தும் என்று சொல்ல முடியாது. முகத்தோடு தொடங்கும் வீடியோ ஒன்றை நேரடியாகவே போட்டோம், ட்ரையல் இல்லாமல். என் ஆட்கள் அவ்வளவாகத் தள்ளிவிடவில்லை. "ரெண்டு வாரமா உங்க முகத்தையே காணோமே அக்கா, உடம்பு சரியில்லையா" என்று கருத்தில் கேட்டிருந்தார்கள். இப்போது புது ஆட்களுக்கான வீடியோ விரலோடு தொடங்குகிறது. வகுப்பு அறிவிப்பு மட்டும் பழையபடி வணக்கத்தோடு.

ஒரே ஹூக்கை இரண்டு தடவை போட்டுப் பார்க்கும் அந்த விளையாட்டை இன்னும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்கிறோம். போன தடவை 49-ம் 44-ம் வந்தது. அவள் "சமம்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு பொம்மைக் கொக்கி வரைந்து வைத்திருக்கிறாள்.