அட்டையில்தானே, தானாகப் போய்விடும் என்று வாகனத்திலிருந்து இறங்கிவிடாதீர்கள்

நேற்று முன்தினம் மாலை 1,810 ரூபாயை இழந்தேன். இன்றுவரை அதற்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லாததால், கோபம் தணிவதற்கு முன்பே இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மாவை அழைத்துச் செல்வதற்காகக் கோட்டைப் புகையிரத நிலையத்துக்குப் போயிருந்தேன். கையில் இரண்டு பைகளும் ஒரு பெட்டியும் இருந்ததால், கொழும்பில் எல்லோரும் பயன்படுத்தும் வாடகை வாகனச் செயலிகளில் ஒன்றின் மூலம் வெள்ளவத்தைக்கு ஒரு கார் பிடித்தேன். கட்டணம் ஏறத்தாழ 1,080 ரூபாய் என்று திரை காட்டியது. என்னுடைய டெபிட் அட்டை அதில் முன்பே சேமிக்கப்பட்டிருந்தது. சாரதி மரியாதையாகப் பேசினார், அம்மாவின் பெட்டியைத் தானே தூக்கி வைத்தார்.

மாலை 6.40க்கு எங்கள் ஒழுங்கையில் நின்றோம். வழமையாக, பயணம் முடிந்ததும் என் தொலைபேசியில் மொத்தக் கட்டணம் தோன்றும். அன்று தோன்றவில்லை. நான் கேட்டதற்கு, "கார்டிலதானே அக்கா, காசு தானாப் போகும். இங்க சிக்னல் இல்லை, நீங்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்க, நான் பிறகு முடிச்சிடுறன்" என்றார். அம்மா களைத்துப் போயிருந்தார். நான் நம்பி இறங்கினேன். என் பணம் போனதற்குக் காரணம் அந்த ஒரு நிமிட நம்பிக்கைதான்.

இரவு 8.03க்கு வங்கியிலிருந்து வந்த குறுந்தகவலில் 2,890 ரூபாய் கழிக்கப்பட்டிருந்தது. பற்றுச்சீட்டைத் திறந்து பார்த்தபோது, வரைபடத்திலுள்ள கோடு எங்கள் ஒழுங்கையில் நிற்காமல், காலி வீதியில் தெற்கே தொடர்ந்து மொறட்டுவையில் முடிந்திருந்தது. 8.4 கிலோமீற்றர் பயணம் 20.3 கிலோமீற்றராகவும், 35 நிமிடம் 118 நிமிடமாகவும் ஆகியிருந்தன. நாங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்துக்கும் சேர்த்து, 1,810 ரூபாய் கூடுதலாக எடுக்கப்பட்டிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதை நான் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அட்டையைச் சேமிக்கும்போது ஒருமுறை மட்டும் வங்கி ஓடிபி அனுப்பி உறுதிசெய்கிறது. அதன் பின்னர் அந்த அட்டைக்குப் பதிலான ஓர் அடையாளக் குறியீட்டை வைத்து ஒவ்வொரு பயணத்தின் தொகையும் கேட்கப்படுவதால், ஓடிபியோ நம்முடைய சம்மதமோ மறுபடியும் தேவைப்படுவதில்லை. பயணம் முடிந்தது என்று சொல்லும் பொத்தான் சாரதியின் தொலைபேசியில் இருக்கிறது. அவர் அதை அழுத்தும்வரை தூரமும் நேரமும் ஏறிக்கொண்டேயிருக்கும். அழுத்திய கணத்தில் அதுவரை ஏறிய தொகை முழுவதும் அட்டையிலிருந்து எடுக்கப்படும். நான் பயன்படுத்திய செயலியில் முதலில் காட்டப்படுவது மதிப்பீடு மட்டுமே, அதைத் தாண்டினாலும் நம்மிடம் கேட்பதில்லை. காசாகக் கொடுத்திருந்தால், சாரதி என் முன்னால் தொகையைக் காட்டியே தீரவேண்டும், 2,890 என்று கண்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

சாரதிக்கு அழைத்தபோது, "நெட்வொர்க் பிரச்சினை அக்கா, கம்பனியிடம் கேளுங்கோ" என்று சொல்லித் துண்டித்தார், பிறகு எடுக்கவேயில்லை. செயலியின் உதவிப் பகுதியில் முறைப்பாடு செய்தேன். சென்ற தூரத்தின்படி கட்டணம் சரியாகக் கணிக்கப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. அந்தத் தூரத்தை நான் செல்லவேயில்லை என்று வரைபடத்தை இணைத்து மறுபடியும் எழுதியதற்கு, அடுத்த பயணத்தில் 200 ரூபாய் தள்ளுபடி தருவதாகச் சொல்லி முறைப்பாட்டை மூடிவிட்டார்கள். என் 1,810 ரூபாயைக் கேட்டவளுக்கு இதுவா பதில்? வங்கியிலோ, அட்டையை நீங்களே சேமித்திருக்கிறீர்கள், முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், அவர்கள் மறுத்த பதிலோடு வந்து படிவம் நிரப்புங்கள் என்றார்கள். கடனட்டையாக இருந்தால் இது வெறும் பட்டியல் தொகையாக நின்றிருக்கும். டெபிட் அட்டை என்பதால், அம்மாவின் மருந்துக்கு வைத்திருந்த பணமே கணக்கிலிருந்து போய்விட்டது.

எனவே, உங்கள் சொந்தத் தொலைபேசியில் பயணம் முடிந்து தொகை தோன்றும்வரை வாகனத்திலிருந்து இறங்காதீர்கள், சிக்னல் இல்லையென்றால் சிக்னல் இருக்கும் முனைவரை சாரதியோடு போய் முடிக்கச் சொல்லுங்கள். இறங்கியே ஆகவேண்டுமானால், நிற்கும் இடமும் நேரமும் தெரியும்படி திரையைப் படம் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தே உதவிப் பகுதிக்கு எழுதிவிடுங்கள். சம்பளக் கணக்கின் டெபிட் அட்டையை இவற்றில் சேமிக்கவேண்டாம்.

மறுப்புப் பதிலை அச்சிட்டு எடுத்துக்கொண்டு நாளை காலை மறுபடியும் வங்கிக்குப் போகிறேன். அந்த 1,810 ரூபாயை நான் விடப்போவதில்லை.