RLC சர்க்யூட்: லாப்லாஸா, α–ω₀ ஒப்பீடா?

தொடர் RLC சர்க்யூட்டின் இயல்புத் துலங்கலுக்கு ரொம்ப நாள் லாப்லாஸ்தான் போட்டேன், இப்போது α–ω₀ பக்கம் வந்துவிட்டேன்.

லாப்லாஸின் பலம் தொடக்க நிலைகள் தானாகவே சமன்பாட்டுக்குள் வந்துவிடுவது. α–ω₀ வழியில் அவற்றை நாமே போட வேண்டும், நிறையப் பேர் தவறுவதும் அங்கேதான். i(0) = 0 என்பதால் di/dt-யும் 0 என்று எழுதிவிடுகிறார்கள். கெப்பாசிட்டரில் 8 V இருந்தால், அந்தக் கணத்தில் அது முழுவதும் காயிலின் மேல்தான் விழும். L = 10 mH என்றால் di/dt = −8/0.01 = −800 A/s.

அந்த ஒன்றைக் கவனித்துக்கொண்டால் மீதி எளிது. C = 1 µF, R = 100 Ω என்று வைப்போம்.

```
α  = R/2L    = 5000
ω₀ = 1/√(LC) = 10000
```

α சிறியது, ஆகவே அண்டர்டேம்ப்டு. ωd = √(ω₀² − α²) = 8660, i = −0.092 e^(−5000t) sin 8660t ஆம்பியர். α பெரிதாக இருந்தால் ஓவர்டேம்ப்டு, இரண்டும் சமமானால் கிரிட்டிகலி டேம்ப்டு.

நான் மாறியதற்குக் காரணம் R. தாளில் இருக்கும் R-உம் மேசையில் இருக்கும் R-உம் ஒன்றல்ல. இதே சர்க்யூட்டை ஃபங்ஷன் ஜெனரேட்டரின் சதுர அலையில் ஓட்டினேன், அலை 8 V-இலிருந்து 0-க்கு விழும்போது கெப்பாசிட்டர் மின்னழுத்தம் 0-க்குக் கீழே 1.3 V வரை போக வேண்டும், ஆனால் ஸ்கோப்பில் அலைவே இல்லை. கணக்கைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். அப்புறம் பார்த்தால் காயிலின் கம்பிக்கே 20 Ω, ஜெனரேட்டரின் வெளியீட்டுத் தடை 50 Ω, ஆக மொத்தம் 170 Ω. α 8500 ஆகிவிட்டது, கீழே போவது வெறும் 0.05 V, அந்த அளவில் கண்ணுக்கே தெரியாது. ஓவர்டேம்ப்டு என்று சொல்லிவிடத் தோன்றும், ஆனால் இன்னும் அண்டர்டேம்ப்டுதான், ஏனென்றால் எல்லை 2√(L/C) = 200 Ω.

லாப்லாஸில் R மாறினால் வர்க்க நிரப்பலையும் பகுதிப் பின்னத்தையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இங்கே 200 என்ற ஒற்றை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, ஜெனரேட்டர், காயில், ரெசிஸ்டர் மூன்றின் தடையையும் கூட்டிப் பார்த்தால் போதும், எந்த வகை என்று தெரிந்துவிடும்.

ஒரு இண்டக்டர், ஒரு கெப்பாசிட்டர் உள்ள தொடர் சர்க்யூட்டுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இன்னொரு கெப்பாசிட்டர் சேர்ந்து சமன்பாடு மூன்றாம் படிக்குப் போய்விட்டால் α, ω₀ இரண்டை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. அப்படிப்பட்டவற்றை நான் அதிகம் போட்டதில்லை, போட்ட சிலவற்றுக்கும் லாப்லாஸையே எடுத்தேன்.