ஆதார், பான் படங்கள் திரும்பி வந்த கதை: நான்கு வருட அனுபவம்

2021-ல் ஒரு முதலீட்டுச் செயலியில் கணக்கு தொடங்கினேன். அதன்பிறகு வீட்டில் யாருக்குக் கேஒய்சி செய்ய வேண்டுமென்றாலும் அந்த வேலை என் தலையில்தான் விழும். எனக்கு, மனைவிக்கு, மச்சானுக்கு, கடைசியாக அப்பாவுக்கு. செயலியைப் பற்றிப் பெரிய குறை இல்லை. பணம் போடுவது, எடுப்பது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அடையாள அட்டைப் படத்தை ஏற்றும் இடம்தான் வம்பு. நான்கு பேருக்கும் சேர்த்து ஒன்பது முறை படம் திரும்பி வந்திருக்கிறது.

முதல் இரண்டும் என்னுடைய பான் அட்டை. பழைய அட்டை, ஹாலோகிராம் ஒட்டியது. ராத்திரி டியூப்லைட்டுக்குக் கீழே மேசையில் வைத்து எடுத்தேன். போன் திரையில் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. "Document not clear" என்று வந்தது. ஃபிளாஷ் போட்டு எடுத்தேன், இன்னும் மோசம். அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பான் எண்ணில் இரண்டு எழுத்துகள் வெள்ளைத் திட்டில் கரைந்து போயிருந்தன. வெளிச்சம் நேர் மேலே இருந்து அடித்தால் அது நேராக லென்ஸுக்குள்ளேயே திரும்பும். அதனால் விளக்கைக் கூட்டியோ குறைத்தோ பயனில்லை, வெளிச்சம் பக்கத்திலிருந்து வர வேண்டும்.

இப்போது நான் செய்வது இதுதான். காலை பத்து மணி வாக்கில், நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கம், ஒரு பழுப்புப் போர்வை மேல் அட்டையைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து வைப்பேன். வீட்டு விளக்கு, ஃபிளாஷ் இரண்டும் அணைந்திருக்கும். போனை ஒரு அடி உயரத்தில் நேராகப் பிடித்து, கிட்டே கொண்டுபோகாமல் இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுப்பேன். கிட்டே போனால் போனின் நிழலே அட்டை மேல் விழும், ஓரங்களும் வளையும். ஹாலோகிராம் அப்படியும் மின்னினால் போனைச் சாய்க்காமல் அட்டையைக் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும். எடுத்தவுடன் பெரிதாக்கி, எண்ணையும் பிறந்த தேதியையும் ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படிப்பேன். எனக்கே படிக்க முடியாததை அவர்கள் எங்கே படிக்கப் போகிறார்கள்.

மனைவியின் ஆதார் வேறு காரணத்துக்காகத் திரும்பியது. திரையில் காட்டும் சட்டத்துக்குள் அட்டை கச்சிதமாக உட்கார வேண்டும் என்று அவள் ஓரம் வரை இழுத்துப் பிடித்திருந்தாள். கீழ் மூலை ஒரு நூல் அளவு வெட்டுப்பட்டுவிட்டது. நான்கு மூலையும் தெரிய, சுற்றி ஒரு விரல் அகலம் போர்வையும் தெரிந்தால்தான் நல்லது. அடுத்த முறை ஸ்கேன் செயலியில் எடுத்து அனுப்பினாள். அது தானே ஓரத்தை வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கிப் "பளிச்" ஆக்கிவிட்டது. ஜெராக்ஸ் என்று நினைத்து அதையும் தள்ளிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி வாங்கினாலும் எழுத்து மங்கும், டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். ஆதாரில் முகவரி பின்பக்கம் இருப்பதால் பின்பக்கப் படமும் வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தோம்.

மச்சான் கதை சின்னது. ஓட்டுநர் உரிமம் கொடுத்தான், காலாவதியாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. படம் எவ்வளவு தெளிவாக இருந்தும் என்ன பயன்? வாக்காளர் அட்டையைக் கொடுத்தோம், முடிந்தது. உரிமம், பாஸ்போர்ட் என்றால் முதலில் கடைசித் தேதியைப் பார்க்க வேண்டும். பானுக்கு அந்தக் கவலை இல்லை.

அப்பா விஷயத்தில்தான் உண்மையாகவே அலைந்தேன். அவருடைய பழைய ஆதாரில் R. Arumugam, பானில் ARUMUGAM RAMASAMY. ஆதாரில் "பிறந்த ஆண்டு 1956" என்று மட்டும் இருந்தது, தேதி இல்லை. பானில் முழுத் தேதி. முதல் முறை வந்த காரணம் கண்ணாடிபோல் மின்னுகிறது என்பது. படத்தைச் சரி செய்து அனுப்பினேன். அப்போதுதான் "Details mismatch" என்றார்கள். முதலில் கண்ணில் படும் குறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள், மற்றவற்றைச் சொல்வதில்லை. நானும் விவரம் புரியாமல் அதே ஆதாரை இன்னொரு முறை, இன்னும் அழகாகப் படம் எடுத்து அனுப்பினேன். அதுவும் திரும்பியது.

"பேரு என்னோடது, போட்டோ என்னோடது, அப்புறம் யாரைத் தேடுறாங்க?" என்றார் அப்பா. நியாயமான கேள்விதான்.

நம் பக்கத்து இனிஷியல்தான் இந்தச் சிக்கலின் வேர். பான் விண்ணப்பத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் சுருக்காமல் எழுதச் சொல்கிறார்கள். அதனால் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுதாக வந்து நிற்கிறது. ஆதாரில் ஒற்றை எழுத்தே போதும். இரண்டும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், எழுத்து எழுத்தாக ஒப்பிடும் மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? டிஜிலாக்கர் வழியாகக் கொடுத்துப் பார்த்தேன். அதில் படமே வேண்டாம், மின்னலும் வெட்டும் கிடையாது. ஆனால் ஆதாரில் இருக்கும் அதே பெயர்தானே அங்கும் வரும்.

எதை மாற்றுவது என்று யோசித்தோம். பானில் இனிஷியலை வைத்துச் சுருக்க வழியில்லை என்பதால் ஆதாரைத்தான் விரிக்க வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். அதனால் ஒரே நாளில் இரண்டையும் முடிப்பதென்று பான் அட்டை, பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போனோம். பாஸ்போர்ட்டிலும் Arumugam Ramasamy என்றே இருந்தது, முழுத் தேதியும் இருந்தது. திரையில் தட்டச்சு செய்ததைக் காட்டினார்கள். Ramaswamy என்று அடித்திருந்தார்கள். "w வேண்டாங்க, s-க்கு அப்புறம் a" என்று சொல்லித் திருத்த வைத்தேன். அதைக் கவனிக்காமல் வந்திருந்தால் இரண்டில் ஒரு வாய்ப்பு வீணாகியிருக்கும்.

ஒப்புகைச் சீட்டில் இருந்த எண்ணை வைத்து நிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினோராவது நாள் மாறியது. உடனே புது இ-ஆதாரை இறக்கினால் கடவுச்சொல் தவறு என்றது. பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் கடவுச்சொல். இனிஷியல் முன்னால் இருந்தபோது புள்ளியும் ஒரு எழுத்தாகக் கணக்காகி `R.AR1956` என்று இருந்தது. இப்போது `ARUM1956`. பழக்க தோஷத்தில் பழையதையே அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

புது ஆதார், பான் இரண்டையும் பக்கத்தில் வைத்து, செயலியில் தட்டச்சு செய்த பெயரையும் எழுத்து வரிசையையும் ஒப்பிட்டுவிட்டுத்தான் இந்த முறை அனுப்பினேன். மறுநாள் காலையில் ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது. அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

சந்தோஷம் ஒரு மணி நேரம்தான். வங்கிக் கணக்கைச் சரிபார்க்க ஒரு ரூபாய் அனுப்பி, கணக்குதாரர் பெயரைப் பார்ப்பார்கள். வங்கியில் அப்பா இன்னும் R ARUMUGAM. புது ஆதார் நகலோடு கிளைக்குப் போய்ப் படிவம் எழுதிக் கொடுத்தோம், நான்கு நாளில் மாற்றினார்கள். அதன்பிறகு அந்த ஒரு ரூபாய் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.